சான்று வாசிப்பிலிருந்து ஆய்வுப் படிவம் வரை: உத்திரமேரூர்க் கல்வெட்டை வைத்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வரலாறு படிக்கும் மாணவர்களுடன் சான்றுகளை வாசிக்கத் தொடங்கிய நாளிலிருந்து, தோற்றம், நோக்கம், நம்பகத்தன்மை, பயன் என்ற நான்கு கட்டப் படிவத்தைப் பற்றி ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லா விடைகளுக்கும் ஒரே சான்றையே எடுத்துக்கொண்டேன்: காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள உத்திரமேரூர் வைகுண்டப்பெருமாள் கோயில் சுவரில் இருக்கும், குடவோலை முறையைச் சொல்லும் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு. பள்ளிப் பாடத்திலேயே எல்லோரும் அதைச் சந்தித்திருப்போம். நன்றாகத் தெரியும் என்று நினைக்கும் சான்றில்தான் படிவம் எதைப் பிடித்துத் தருகிறது என்பது தெளிவாகத் தெரியும்.

சுருக்கம் எழுதினால் போதாதா? படிவம் எதற்கு?

சுருக்கம், சான்று என்ன சொல்கிறது என்பதை எழுதுவது. படிவம், அந்தச் சொல்லை நாம் எவ்வளவு தூரம் நம்பி எதற்குப் பயன்படுத்தலாம் என்பதை எழுதுவது. "ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது, தகுதியுள்ளவர்களின் பெயர்கள் ஓலையில் எழுதிக் குடத்தில் இடப்பட்டன, ஒரு சிறுவன் ஓலையை எடுத்தான்" என்று எழுதினால் அது சுருக்கம். இதில் ஒரு வரிகூடத் தவறு இல்லை. ஆனால் "எடுத்தான்" என்ற இறந்தகாலச் சொல் எங்கிருந்து வந்தது? கல்வெட்டு "எடுத்தான்" என்று சொல்லவில்லை, "எடுக்க வேண்டும்" என்றுதான் விதிக்கிறது. சுருக்கம் எழுதும் கை இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் கடந்துபோய்விடும். படிவம் கடக்க விடாது.

வாசித்துக்கொண்டே கட்டங்களை நிரப்பலாமா?

முதல் வாசிப்பில் வேண்டாம். முதல் முறை பேனாவைக் கீழே வைத்துவிட்டு முழுவதையும் வாசியுங்கள். இரண்டாம் முறை ஓரத்தில் குறியிட்டுக்கொண்டே போங்கள்: யார், எப்போது, எங்கே என்று சொல்லும் இடத்தில் "தோ", ஏன் என்று சொல்லும் அல்லது காட்டிக்கொடுக்கும் இடத்தில் "நோ", இது நடந்ததா, நடக்க வேண்டியதா என்று சந்தேகம் எழும் இடத்தில் "ந". பயனுக்கு இப்போது குறி வேண்டாம், அது கடைசியில் வரும்.

இதற்கெல்லாம் முன்பாக, தாளின் தலையில் ஒரு கேள்வியை எழுதுங்கள். இதைத்தான் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள். "உத்திரமேரூர்க் கல்வெட்டு" என்பது தலைப்பு, கேள்வி அல்ல. "10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு பிராமணக் குடியிருப்பின் சபை தன் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்க எத்தகைய விதிகளை வகுத்தது?" என்பது கேள்வி. வாரியம் என்பது சபையின் செயற்குழு. முதல் இரண்டு கட்டங்களைக் கேள்வி இல்லாமலும் ஒருவாறு நிரப்பிவிடலாம். கீழ் இரண்டையும் கேள்வி இல்லாமல் நிரப்ப முடியாது. ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

தோற்றம் என்றால் யார் எழுதினார், எப்போது எழுதினார் என்பதுதானே? ஒரு வரி போதுமே?

ஒரு வரியில் "முதலாம் பராந்தகன் வெளியிட்ட கல்வெட்டு, 921" என்று எழுதி வருபவர்கள் அதிகம். அதில் ஒரு பிழை இருக்கிறது. இந்தக் கல்வெட்டில் பேசுவது அரசன் அல்ல. "உத்தரமேருச் சதுர்வேதிமங்கலத்துச் சபையோம்" என்று தொடங்கிப் பேசுவது ஊர்ச் சபை. அரசனின் ஸ்ரீமுகம், அதாவது ஆணை ஓலை, வந்தது. அதன்படி சோமாசிபெருமான் என்ற அதிகாரி உடன் இருந்தார். அவர் இருக்க நாங்கள் இப்படி முடிவு செய்தோம் என்று சபை சொல்கிறது. ஆகவே ஆக்கியோர் சபையார், ஆணை அரசனுடையது, உடனிருந்தவர் அரசு அதிகாரி. மூன்றையும் பிரித்து எழுத வேண்டும்.

அடுத்தது, உங்கள் கையில் இருப்பது கல் அல்ல. கல்லிலிருந்து மைப்படி எடுத்தார்கள். மைப்படியைப் படித்து எழுத்துப் பெயர்ப்பாக அச்சிட்டார்கள். அதை மொழிபெயர்த்தார்கள் அல்லது இன்றைய தமிழில் எழுதினார்கள். அதிலிருந்து சில வரிகளைப் பாடநூல் எடுத்துக்கொண்டது. கல் முதல் பக்கம் வரை உள்ள இந்தப் படிகளில் நீங்கள் எந்தப் படியில் நின்று வாசிக்கிறீர்கள் என்பதும் தோற்றத்தின் பகுதிதான். நான் நிரப்புவது இப்படி:

*"உத்தரமேருச் சதுர்வேதிமங்கலத்துச் சபையின் தீர்மானம். அரசனின் ஆணைப்படி, அவன் அனுப்பிய அதிகாரி உடனிருக்க எடுக்கப்பட்டது. பராந்தகனின் 14ஆம் ஆட்சியாண்டு (சுமார் 921). கோயில் சுவரில் வெட்டப்பட்டது. நான் வாசித்தது இன்றைய தமிழில் உள்ள சுருக்கப் பகுதி."*

கல்வெட்டில் 921 என்று எங்கும் இல்லையே. அந்த ஆண்டு எங்கிருந்து வந்தது?

சரியான கவனிப்பு. கல்வெட்டில் இருப்பது "மதிரை கொண்ட கோப்பரகேசரிவர்மர்க்கு யாண்டு பதினாலாவது" என்ற ஆட்சியாண்டுக் கணக்கு மட்டுமே. பரகேசரி என்ற பட்டத்தைப் பல சோழர்கள் கொண்டிருந்தார்கள். "மதுரை கொண்ட" என்ற அடைமொழி சேர்ந்ததால்தான் இது முதலாம் பராந்தகன் என்று அறிகிறோம். அவன் ஆட்சி 907இல் தொடங்கியது என்பது ஆய்வாளர்கள் கணக்கிட்டுச் சொன்னது. அதிலிருந்து எண்ணினால் 14ஆம் ஆட்சியாண்டு 920-921இல் விழுகிறது. அதனால்தான் மேலே "சுமார்" என்ற சொல்லைச் சேர்த்தேன். சான்று தானே சொன்னதையும் பிறர் கணக்கிட்டுச் சேர்த்ததையும் தனித்தனியாகக் காட்டுவது தோற்றக் கட்டத்தின் ஒழுங்கு.

நோக்கத்தில் "மக்களுக்குத் தெரிவிப்பதற்காக" என்று எழுதினேன். மதிப்பெண் குறைந்துவிட்டது. ஏன்?

அந்த வரியை எந்தக் கல்வெட்டுக்கும் எழுதலாம் என்பதால்தான். உலகத்தில் உள்ள எல்லா அறிவிப்புகளுக்கும் பொருந்தும் விடை, இந்த ஒரு சான்றைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. நோக்கத்தைச் சான்றின் சொற்களிலிருந்தே எடுக்க வேண்டும்.

இந்தச் சான்று தன் நோக்கத்தை வாய்விட்டே சொல்கிறது: நம் ஊரில் துஷ்டர் கெட்டு விசிஷ்டர் வளர வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு என்கிறது. அதாவது, தீயவர்கள் அழிந்து சிறந்தவர்கள் செழிக்க. யாரும் தவறு செய்யாத ஊரில் இப்படி ஒரு வரி எழுத வேண்டியதில்லை. பிறகு தகுதியின்மைப் பட்டியலைப் பாருங்கள். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர்கள், அவர்களுடைய உறவினர்கள், பிறர் பொருளைக் கவர்ந்தவர்கள், பொய் ஆவணம் எழுதியவர்கள் என்று அது நீள்கிறது. கணக்குக் காட்டாதவனை மட்டும் விலக்கியிருந்தால் அது ஒரு பொது விதி. அவனுடைய உறவு வரிசையைச் சொல்லிச் சொல்லி விலக்குவதைப் பார்க்கும்போது, ஒருவன் போனால் அவன் மைத்துனன் வந்து உட்காரும் நிலையைச் சபை அஞ்சியது என்று தோன்றுகிறது.

அது ஊகம்தானே? சான்றில் இல்லாததை நோக்கத்தில் எழுதலாமா?

எழுதலாம். ஆனால் ஊகத்துக்குத் தாங்கு தூண் வேண்டும், அந்தத் தூண் சான்றுக்குள்ளேயே இருக்க வேண்டும். இங்கே நல்ல தூண் ஒன்று இருக்கிறது. இதே கோயில் சுவரில், இதே பொருள் பற்றி இரண்டு ஆண்டுகளுக்கு முன், 12ஆம் ஆட்சியாண்டில், இன்னொரு தீர்மானம் வெட்டப்பட்டிருக்கிறது. அதில் வயது வரம்பு 30க்கு மேல் 60க்குள். 921இல் அது 35க்கு மேல் 70க்குள் என்று மாறுகிறது. ஓலை எடுக்கும் முறையும் இரண்டாவதில் இன்னும் விரிவாகச் சொல்லப்படுகிறது.

விதி செய்து இரண்டே ஆண்டுகளில் மீண்டும் கூடித் திருத்துகிறார்கள் என்றால், முதல் விதி போதவில்லை என்று சபையோ அரசனோ இருவருமோ கருதியிருக்க வேண்டும். ஏன் போதவில்லை என்று கல் சொல்லவில்லை. ஆகவே வாக்கியத்தை இப்படி அமையுங்கள்: *"வெளிப்படையான நோக்கம், தீயவரை விலக்கித் தகுதியுள்ளவரைக் கொண்டுவருவது. உறவினர் விலக்கையும் இரண்டு ஆண்டுகளில் வந்த திருத்தத்தையும் வைத்துப் பார்த்தால், வாரியங்கள் சில குடும்பங்களின் பிடியில் போவதைத் தடுக்கும் நோக்கமும் இருந்திருக்கலாம்."* "வெளிப்படையான", "இருந்திருக்கலாம்" என்ற இரண்டு சொற்களும் வேலை செய்கின்றன. முதலாவது சான்று சொன்னது, இரண்டாவது நீங்கள் சொல்வது.

கல்லில் வெட்டியதை யாரும் மாற்ற முடியாது. அரசு அதிகாரியும் உடனிருந்திருக்கிறார். அப்படியானால் நம்பகமானது என்று எழுதிவிடலாமே?

நான் திருத்தும் தாள்களில் அதிகம் காணும் பிழை இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். இதில் இரண்டு கேள்விகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. ஒன்று, இந்தக் கல்வெட்டு உண்மையாகவே அந்தக் காலத்தில் அந்தச் சபை வெட்டியதா? ஆம், இதில் ஐயத்துக்கு இடமில்லை. எழுத்தின் வடிவம், ஆட்சியாண்டு, இடம் எல்லாம் பொருந்துகின்றன. இது சான்றின் மெய்மை. இரண்டாவது, அது சொல்வதுபோல் நடந்ததா? இதுதான் நம்பகத்தன்மை. முதல் கேள்விக்கு ஆம் என்பதால் இரண்டாவதுக்கும் ஆம் ஆகிவிடாது.

காட்சியை நெருங்கிப் பாருங்கள். மகாசபை சிறியோர் முதல் பெரியோர் வரை கூடியிருக்கிறது. அன்று ஊரில் உள்ள நம்பிமார், அதாவது கோயில் அர்ச்சகர்கள், ஒருவர் விடாமல் மண்டபத்தில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களில் மூத்தவர் குடத்தை எல்லோரும் பார்க்கும்படி உயர்த்திப் பிடிக்கிறார். உள்ளே இருப்பது எது என்று அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுக்கிறான். சபையின் நடுவரான மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையில் அதை வாங்குகிறான், வாசிக்கிறான், பிறகு நம்பிமார் எல்லோரும் அதை வாசிக்கிறார்கள். ஐந்து விரலும் விரிந்திருக்க வேண்டும் என்பது வரை எழுதியிருக்கும்போது, நேரில் பார்த்தவர் எழுதிய வருணனை போலவே தோன்றும். ஆனால் இது வருணனை அல்ல, செயல்விதி. விரல் மடங்கியிருந்தால் ஓலையை மாற்றிவிடலாம் என்ற பயத்தின் உருவம் அது.

ஆகவே நான் எழுதுவது: *"எந்த விதி இயற்றப்பட்டது என்பதற்கு மிக நம்பகமானது. இயற்றிய சபையே, அதே காலத்தில், பொது இடத்தில் வெட்டியது. அந்த விதி ஆண்டுதோறும் பின்பற்றப்பட்டதா என்பதற்கு இந்தச் சான்று மட்டும் போதாது. விதி சொல்கிறதே தவிர ஒரு தேர்வின் முடிவைக்கூடப் பதிவு செய்யவில்லை."*

அப்படியானால் ஒருவர் தன் கண்ணால் கண்டு எழுதிய நாட்குறிப்பு இதைவிட நம்பகமானதா?

வேறு வகையில் நம்பகமானது, வேறு வகையில் பலவீனமானது. புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1736இல் தொடங்கி, 1761இல் அவர் இறக்கும் காலம் வரை நீளும் அந்தக் குறிப்பு, நடந்ததை நடந்த நாளில் எழுதியது. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் அருகில் இருந்த துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர், அவர். உத்திரமேரூர்க் கல் தராத "நேற்று என்ன நடந்தது" என்பதை அவர் தருகிறார்.

ஆனால் துய்ப்ளேக்சின் மனைவியுடன் அவருக்குப் பகை. அந்த அம்மையார் வரும் பக்கங்களில் பேனா காரமாக ஓடுகிறது. இதைக் கண்டதும் "ஒருதலைப்பட்சம், ஆகவே நம்ப முடியாது" என்று எழுதி மூடிவிடுவது சோம்பல். எந்தப் பொருளில் சாய்வு, எந்தத் திசையில் சாய்வு என்று சொல்ல வேண்டும். கப்பல் வந்த நாளையும் சரக்கின் விலையையும் பொய்யாக எழுத அவருக்குக் காரணம் இல்லை. அந்த அம்மையாரின் உள்நோக்கம் பற்றி அவர் சொல்வதை மட்டும் எச்சரிக்கையோடு வாங்க வேண்டும். அவர் எழுதிய வசை, அந்த அம்மையாரைப் பற்றிய சான்றாகப் பலவீனமானாலும், ஆளுநர் மாளிகையில் நிலவிய போட்டியைப் பற்றிய சான்றாக வலுவானது.

நம்பகத்தன்மையும் பயனும் ஒன்றுதானே? இரண்டு கட்டத்திலும் ஒன்றையே எழுதுகிறேன்.

நாட்குறிப்பின் வசையைப் பற்றி மேலே சொன்னதை மறுபடி பாருங்கள். ஒரு கேள்விக்கு நம்பகம் குறைந்தது, இன்னொரு கேள்விக்குப் பயன் மிகுந்ததாக இருந்தது. நம்பகத்தன்மை, சான்றின் கூற்றை எவ்வளவு ஏற்கலாம் என்பது. பயன், என் கேள்விக்கு அது எவ்வளவு விடை தருகிறது என்பது. தாளின் தலையில் கேள்வியை எழுதச் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

கேள்வியை மாற்றிப் பாருங்கள். "வாரியத்தில் சேரத் தகுதி என்ன?" என்று கேட்டால் இந்தக் கல்வெட்டு ஏறக்குறைய முழு விடை தருகிறது: கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, வயது வரம்பு, வேதப் பயிற்சி, வேதமும் பாஷ்யமும் கூடுதலாகக் கற்றிருந்தால் அரைக்கால் வேலி நிலமே போதும். "921இல் ஏரிவாரியத்தில் யார் இருந்தார்கள்?" என்று கேட்டால் ஒரு பெயர்கூடக் கிடைக்காது. ஆறு பேர் இருக்க வேண்டும் என்பதோடு நின்றுவிடும். "அந்த ஊரில் உழுதவர்கள் எப்படி வாழ்ந்தார்கள்?" என்று கேட்டால் அது வாய் திறப்பதே இல்லை. மூன்று கேள்விகளுக்கும் சான்று ஒன்றே, அதன் மெய்மையும் ஒன்றே. மாறியது பயன் மட்டும்.

பயன் கட்டத்தில் "பழந்தமிழரின் ஜனநாயகத்துக்குச் சான்று" என்று எழுதலாமா? எல்லோரும் அப்படித்தானே சொல்கிறார்கள்?

சான்று தாங்கும் அளவுக்கு மட்டுமே எழுத வேண்டும். முதலில், குடவோலை என்பது வாக்குச்சீட்டு அல்ல. யாரும் யாருக்கும் வாக்களிக்கவில்லை. தகுதியுள்ளோரின் பெயர்களிலிருந்து குலுக்கல் முறையில் ஓலை எடுக்கப்பட்டது. இரண்டாவதாக, இது சதுர்வேதிமங்கலம், பிராமணர்களுக்குக் கொடையாக வழங்கப்பட்ட குடியிருப்பு. மேலே சொன்ன நிலத் தகுதியும் வேதத் தகுதியும் யாரை உள்ளே விட்டன, யாரை வெளியே நிறுத்தின என்பதை நீங்களே எண்ணிப் பார்க்கலாம். பெண்களுக்கும் நிலமில்லாதவர்களுக்கும் பிற சாதியாருக்கும் இந்தக் குடத்தில் ஓலை இல்லை. மூன்றாவதாக, வேளாண் குடிகளின் ஊர்களில் இருந்தது "ஊர்" என்ற அவை, வணிகர்களுக்கு "நகரம்". இந்தக் கல்வெட்டு அவற்றைப் பற்றிப் பேசவில்லை.

இதைச் சொல்வதால் கல்வெட்டின் மதிப்பு குறைந்துவிடும் என்று சில மாணவர்கள் வருந்துகிறார்கள். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு சபை, கணக்குக் காட்டாதவன் மறுபடி பதவிக்கு வரக் கூடாது என்றும், ஒரு முறை இருந்தவன் மூன்று ஆண்டுகள் விலகியிருக்க வேண்டும் என்றும், பதவிக்காலம் 360 நாள் மட்டுமே என்றும் கல்லில் வெட்டி வைத்தது. அதுவே பெரிய செய்தி. அந்தச் செய்தியை அது உள்ளபடி எழுதுங்கள்: *"நிலமும் கல்வியும் உடைய ஒரு வட்டத்துக்குள் அதிகாரத்தைச் சுழற்சியில் வைக்கவும் கணக்குக் கேட்கவும் செய்த ஏற்பாட்டை அறிய மிகவும் பயனுள்ளது. சோழநாட்டு ஊராட்சி முழுவதையும் இதிலிருந்து பொதுமைப்படுத்த முடியாது."*

எனக்குக் கொடுத்த பகுதியில் பாதி வரிகள் இல்லை. புள்ளி புள்ளியாக விட்டிருக்கிறார்கள். என்ன செய்வது?

புள்ளிகளையும் வாசியுங்கள். இந்தக் கல்வெட்டைச் சுருக்கித் தரும் பல பகுதிகளில் தகுதிகளும் குடமும் சிறுவனும் இருப்பார்கள். ஸ்ரீமுகமும் அதிகாரியும் வரும் தொடக்க வரிகள் போயிருக்கும். தகுதியின்மைப் பட்டியல் இரண்டு வரியாகச் சுருங்கியிருக்கும். அந்த வெட்டினால் உங்கள் படிவத்தில் இரண்டு கட்டங்கள் மாறிவிடுகின்றன. அரசனின் பங்கு தோற்றத்திலிருந்து காணாமல் போகிறது, உறவினர் விலக்கை நம்பி எழுதிய நோக்கம் தூண் இல்லாமல் நிற்கிறது. முழுப் பாடம் கிடைத்தால் தேடி வாசியுங்கள். தேர்வறையில் அது முடியாது. அங்கே "கொடுக்கப்பட்டது சுருக்கப்பட்ட பகுதி, தொடக்க வரிகள் இல்லை" என்று தோற்றத்தில் ஒரு வாக்கியம் எழுதினால், கவனித்து வாசித்தவர் என்பது திருத்துபவருக்குத் தெரியும்.

வேறு சான்றுகளோடு ஒப்பிட வேண்டுமா? எத்தனை போதும்?

எண்ணிக்கை முக்கியமல்ல. உங்கள் சான்றில் எந்த இடம் பலவீனமோ அந்த இடத்தைத் தொடும் சான்று ஒன்று போதும். நம் பலவீனம், விதி நடைமுறைக்கு வந்ததா என்பது. அதற்கு அதே ஊரின் மற்றக் கல்வெட்டுகளைத்தான் பார்க்க வேண்டும். உத்திரமேரூரில் ஏரிவாரியப் பெருமக்கள் ஏரிக்கான பொறுப்பை ஏற்றுச் செயல்படுவதைக் காட்டும் கல்வெட்டுகள் உண்டு. அவற்றிலிருந்து, வாரியங்கள் காகிதத்தில் மட்டும் இருந்த அமைப்புகள் அல்ல என்று சொல்லலாம். ஆனால் அந்த உறுப்பினர்கள் குடத்திலிருந்து வந்தவர்களா என்பதற்கு அவை விடை தருவதில்லை. ஒப்பீடு எதை உறுதி செய்தது, எதை விட்டுவிட்டது என்று இரண்டையும் எழுதுங்கள்.

இந்த ஊர் மட்டும்தான் இப்படியா என்பது உங்கள் கேள்வியானால் வேறு சான்று வேண்டும். திருநெல்வேலிப் பகுதியில் மானூரில் உள்ள பாண்டியர் கல்வெட்டு, இதற்கு நூறு ஆண்டுகளுக்கும் மேலாக முந்தியது. அங்கும் ஒரு பிரம்மதேயச் சபை, அதாவது பிராமணர்களுக்குக் கொடையாக வழங்கப்பட்ட ஊரின் சபை, உறுப்பினராவதற்கு நிலப் பங்கையும் கல்வியையும் தகுதியாக வைக்கிறது. ஆகவே தகுதி வகுக்கும் வழக்கம் உத்திரமேரூர் கண்டுபிடித்தது அல்ல. அதே நேரம், இரண்டும் பிரம்மதேயங்களே என்பதால், மற்ற ஊர்களைப் பற்றி முன்பு சொன்ன எச்சரிக்கை அப்படியே இருக்கிறது.

தேர்வில் இருபது நிமிடம்தான். இவ்வளவும் எப்படி எழுதுவது?

வாசிப்புக்கு ஐந்து நிமிடம் கொடுங்கள். அதைக் குறைத்தால் மற்ற எல்லாம் பழுதாகும். தோற்றத்துக்கும் நோக்கத்துக்கும் இரண்டிரண்டு வாக்கியங்கள் போதும். மீதி நேரம் கீழ் இரண்டு கட்டங்களுக்கு. பலர் நேர்மாறாகச் செய்கிறார்கள். மன்னனின் வம்சம், போர்கள், பட்டங்கள் என்று தோற்றத்தில் அரைப்பக்கம் எழுதிவிட்டு, "ஆகவே இது நம்பகமானதும் பயனுள்ளதும் ஆகும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்.

கீழ்க் கட்டங்களில் எழுதும் ஒவ்வொரு தீர்ப்பையும் மேல்கட்டத்திலுள்ள ஒரு விவரத்தோடு கட்டுங்கள். "விதி இயற்றியவர்களே வெட்டியது, ஆகவே விதியின் உள்ளடக்கத்துக்கு நம்பகமானது" என்பதில் தோற்றம் நம்பகத்தன்மையாக மாறியிருக்கிறது. எழுதி முடித்ததும் "ஆகவே" எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். அதற்கு முன்னால் சான்றின் விவரம் ஒன்றும் இல்லையென்றால் அந்த வரி காலி.

நானும் என் தோழியும் ஒரே சான்றுக்கு எதிரெதிரான விடை எழுதினோம். இருவருக்கும் நல்ல மதிப்பெண். அது எப்படி?

நீங்கள் இருவரும் சண்டையிட்ட இடம் அநேகமாக சோமாசிபெருமானாக இருக்கும். அரசனின் ஆணை வந்தது, அதிகாரி உடனிருந்தார், சபை முடிவு செய்தது என்று தோற்றத்தில் பார்த்தோம். ஒருவர் "சபையோம்" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு ஊரின் தன்னாட்சியைக் காண்கிறார். மற்றவர் ஸ்ரீமுகத்தைப் பிடித்துக்கொண்டு அரசின் கை ஊருக்குள் நீண்டதைக் காண்கிறார். வரலாற்றாய்வாளர்களும் சோழர் கால ஊராட்சியைப் பற்றி இந்த இரண்டு பக்கங்களிலும் நின்று வாதிட்டிருக்கிறார்கள். இரண்டு விடைகளும் கல்லில் உள்ள சொல்லிலிருந்து புறப்பட்டவை என்பதால் இரண்டுக்கும் மதிப்பெண் உண்டு.

ஒன்று மட்டும் செய்யுங்கள். உங்கள் விடைக்கு எதிராக நிற்கும் வரியை நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். தன்னாட்சி என்று எழுதுபவர், "ஆனால் இது அரசனின் ஆணைக்குப் பின்பே நடந்தது, அந்த ஆணையில் என்ன இருந்தது என்பதைக் கல் சொல்லவில்லை" என்று சேர்க்க வேண்டும். அரசின் பிடி என்று எழுதுபவர், "ஆனால் வாரியங்களுக்கு ஓலை எடுப்பதும் வாசிப்பதும் ஊராரே, அதிகாரிக்கு அதில் எந்த வேலையும் விதிக்கப்படவில்லை" என்று சேர்க்க வேண்டும். அந்த வரி நம்பகத்தன்மைக் கட்டத்தின் கடைசியில் இருந்தால் சரியான இடம்.